டிஸ்கவுண்ட் ரேட்டில் ஒளிந்துகொண்டிருக்கும் அந்த 5 சதவீதம்

போன வாரம் எங்கள் ஆபீஸில், பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில், ஒரு எக்செல் கோப்பை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சண்டை. வெளிநாட்டில் ஒரு சுங்கச் சாலைத் திட்டம். எந்த நாடு, யார் போடுகிறார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எண்களையும் நான் உருட்டித்தான் எழுதுகிறேன். கோப்பைத் தயார் செய்தவர் திருநெல்வேலிப் பையன், சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, கெட்டிக்காரன். வருங்கால வரவை இன்றைய மதிப்புக்குச் சுருக்கும் டிஸ்கவுண்ட் ரேட் 10 சதவீதம், அதற்கு மேல் "அரசியல் ரிஸ்க்" என்று 5 சதவீதம், ஆக 15 என்று ஒரே செல்லில் போட்டிருந்தான்.

"இந்த 5 எங்கேயிருந்து வந்தது தம்பி?"

"போன ஃபைல்ல 4 இருந்துச்சு அண்ணா. இந்த நாடு அதைவிடக் கொஞ்சம் மோசம்."

சிரிக்கத் தோன்றியது, சிரிக்கவில்லை. அவன் வயதில் நானும் அதைத்தான் செய்தேன். இந்தத் தொழிலில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அந்த 5-ஐ இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒன்று, ரேட்டில் சேர்க்கும் அபராதம். இன்னொன்று, ஒவ்வொரு வருஷமும் இந்தத் திட்டம் கையைவிட்டுப் போவதற்கு நூற்றுக்கு 5 வாய்ப்பு. அரசு எடுத்துக்கொள்ளும், ஒப்பந்தத்தை ரத்து செய்யும், அல்லது பணத்தை நாட்டை விட்டு வெளியே எடுக்க விடாது. கேட்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கணக்குப் போட்டால் ஒன்றில்லை.

100 கோடி ரூபாய் முதலீடு, அடுத்த 10 வருஷமும் வருஷத்துக்கு 20 கோடி வரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசியல் பயமே இல்லையென்றால், 10 சதவீத ரேட்டில் அந்த வரவுகளின் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 122.9 கோடி. முதலீட்டைக் கழித்தால் கிட்டத்தட்ட 23 கோடி லாபம். இப்போது தம்பி செய்தபடி 15 சதவீதத்தில் போட்டால் 100.4 கோடி. நூலிழையில் தப்பித்துவிட்டது, போடலாம் என்று கோப்பு சொல்கிறது.

வருஷத்துக்கு 5 சதவீதம் போய்விடும் வாய்ப்பு என்று நேராகவே போட்டால்? முதல் வருஷ வரவை 0.95-ஆல் பெருக்க வேண்டும். இரண்டாம் வருஷம் வரை திட்டம் பிழைத்திருந்தால்தான் அந்த வருஷ வரவு, அதனால் 0.95 இன்டு 0.95. இப்படியே பத்து வருஷமும் போய், ரேட்டை 10-லேயே வைத்துச் சுருக்கினால் 97.4 கோடி வருகிறது. இரண்டரைக் கோடி நஷ்டம். அதே 5, வேறு பதில்.

காரணம் சின்னதுதான். நிலையான வாய்ப்பை ரேட்டாக மாற்றும் சூத்திரம் இது:

`k = (r + p) / (1 - p)`

ரேட்டான r 0.10, வருஷ வாய்ப்பான p 0.05 என்றால், இரண்டும் சேர்ந்த ரேட்டான k 15.79 சதவீதம் வரும், 15 அல்ல. அந்த முக்கால் புள்ளி வித்தியாசத்தில்தான் லாபம் நஷ்டமாகத் திரும்பியது. p பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளியும் பெரிதாகும்.

சரி, அப்படியானால் 15.79 போட்டுவிட்டால் விஷயம் முடிந்ததா? மூன்று விஷயங்கள் உண்மையாக இருந்தால் முடிந்தது. ஆபத்து எல்லா வருஷமும் ஒரே அளவு, போனால் முழுசாகப் போகும், போன பிறகு ஒரு பைசா திரும்பி வராது. நான் பார்த்த திட்டங்களில் இந்த மூன்றும் ஒன்றாக இருந்தது ஒன்றுகூடக் கிடையாது.

முதல் விஷயத்தை மட்டும் பாருங்கள். வருஷத்துக்கு 5 என்றால் பத்து வருஷத்தில் திட்டம் கைவிட்டுப் போக நூற்றுக்கு 40 வாய்ப்பு. (இதைச் சொன்னபோதுதான் மீட்டிங்கில் பெரியவர்கள் ஃபோனைக் கீழே வைத்தார்கள். "5 சதவீதம் சேர்த்திருக்கிறோம்" என்றால் யாருக்கும் உறைப்பதில்லை.) அந்த 40-ஐ வருஷவாரியாகப் பரப்பாமல் ஒரே நாளில் குவியுங்கள். இரண்டாம் வருஷ முடிவில் ஒரு தேர்தல், எதிர்க்கட்சி ஜெயித்தால் ஒப்பந்தம் குப்பைக்கு, அதைத் தாண்டிவிட்டால் நிம்மதி. அப்போது இரண்டு வருஷ வரவு முழுசாக, மீதி எட்டு வருஷ வரவு 60 சதவீதம். மொத்தம் 87.6 கோடி, அதாவது 12 கோடிக்கு மேல் நஷ்டம். அதே தேர்தல் ஏழாம் வருஷ முடிவில் வந்தால் 112.7 கோடி, கிட்டத்தட்ட 13 கோடி லாபம்.

இரண்டிலும் இழக்கும் வாய்ப்பு அதே 40 தான். ஆனால் இதே விடைகளை ரேட் வழியாகக் கொண்டுவர வேண்டுமென்றால், முதல் திட்டத்துக்குக் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூட்ட வேண்டும், இரண்டாவதுக்கு 2-க்குச் சற்று மேல் போதும். இந்த 9-ம் 2-ம் கணக்கைப் போட்டு முடித்த பிறகுதான் தெரிகிறது. நாட்டுக்கு ஒரு எண் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டிருப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

மும்பையில் ரொம்ப நாளாக இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், தாபோல் என்றால் போதும். ரத்னகிரி மாவட்டத்தில் அமெரிக்க நிறுவனமான என்ரான் கட்டிய மின் நிலையம். மாநில மின் வாரியத்தோடு ஒப்பந்தம் 1993 டிசம்பரில். 1995 மார்ச்சில் ஆட்சி மாறியது, ஆகஸ்டில் புதிய அரசு திட்டத்தை ரத்து செய்தது. அப்போது கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது, ஒரு யூனிட் மின்சாரம்கூட விற்கவில்லை. பிறகு பேச்சுவார்த்தை, விலை மாற்றம், மறு ஒப்பந்தம். 1999-ல் முதல் கட்டம் ஓட ஆரம்பித்தது. 2001-ல் மறுபடி முறிந்தது, ஆனால் இந்தத் தடவை காரணம் தேர்தல் இல்லை. வாரியத்துக்கு அந்த விலை கட்டுபடியாகவில்லை, பணம் தருவதை நிறுத்தியது, ஆலை மூடப்பட்டது. இதில் "வருஷத்துக்கு இத்தனை சதவீதம்" என்று சீராக எங்கே இருக்கிறது? ஒரு மேடு தேர்தலில், இன்னொரு மேடு வாங்குபவரின் கஜானாவில். இரண்டும் தேதியோடு கணிக்கக்கூடியவை. தேர்தல் எப்போது என்று 1993-லேயே எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது திரும்பி வரும் பணம். ரேட்டில் ஆபத்தைக் கலந்துவிட்டால் இதற்கு உட்கார இடமே இல்லை. மாலே விமான நிலையத்தை இந்திய நிறுவனமான ஜி.எம்.ஆர். 2010-ல் 25 வருஷ ஒப்பந்தத்தில் எடுத்தது. மாலத்தீவில் ஆட்சி மாறி, 2012 நவம்பரில் ஒப்பந்தம் ரத்து. சிங்கப்பூரில் நடுவர் மன்றம் போய், ஒப்பந்தம் செல்லும் என்று தீர்ப்பு வாங்கி, 2016-ல் சுமார் 27 கோடி டாலர் கைக்கு வந்தது. இழந்தது நிஜம், ஆனால் இழப்பு பூஜ்யம் வரை போகவில்லை, நாலு வருஷம் கழித்துப் பணம் வந்தது.

இதை நம் உதாரணத்தில் போடலாம். இரண்டாம் வருஷத் தேர்தலில் திட்டம் போய்விட்டால், வழக்காடி ஆறாம் வருஷம் 80 கோடி கிடைக்கும் என்று வையுங்கள். நூற்றுக்கு 40 வாய்ப்பு என்பதால் 32 கோடி, அதை ஆறு வருஷத்துக்கு 10 சதவீதத்தில் சுருக்கினால் இன்றைக்கு 18 கோடி. மைனஸ் 12-ல் இருந்த திட்டம் பிளஸ் ஐந்தரைக்கு வந்துவிடுகிறது. அதாவது இந்தத் திட்டத்தின் தலையெழுத்து இருப்பது நாட்டின் ரேட்டிங்கில் இல்லை, ஒப்பந்தத்தின் முறிவு இழப்பீட்டுப் பிரிவில், நடுவர் மன்றம் எந்த ஊரில் என்ற வரியில். தம்பி அந்தப் பிரிவைப் படிக்கவே இல்லை. ரேட்டில் 5 சேர்த்துவிட்டவனுக்குப் படிக்க என்ன அவசியம்?

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் வரும், வந்தது. எங்கள் ட்ரெஷரியில் ஒரு சீனியர் சொன்னார்: "அந்த நாட்டு அரசின் டாலர் பத்திரத்துக்கும் அமெரிக்கப் பத்திரத்துக்கும் உள்ள வட்டி வித்தியாசம்தான் இந்த 5. சந்தை கொடுத்த எண். உங்கள் 40 யார் கொடுத்தது?"

நியாயமான கேள்வி. ஆனால் சந்தை விலை போட்டது அந்த அரசு தன் கடனைக் கட்டுமா என்பதற்கு. உங்கள் சாலையைப் பிடுங்குமா என்பதற்கு அல்ல. பத்திரத்துக்கு ஒரு தவணைகூடத் தவறாத அரசு சுங்கக் கட்டணத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லலாம். வாக்காளர் கோபப்படுவது சுங்கச்சாவடியில், பத்திரச் சந்தையில் அல்ல. போதாக்குறைக்கு, அந்த வித்தியாசத்தில் இழப்பு முழுசாக இல்லை, பத்திரக்காரருக்குக் கொஞ்சம் திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பும் கலந்திருக்கிறது.

40 என்பது என் ஊகம்தான், மறைக்கவில்லை. ஆனால் அதைப் பற்றிச் சண்டை போட முடியும். கட்டணம் கூடும் வருஷத்துக்கு அடுத்துத் தேர்தல் வருகிறதா, உள்ளூர்ப் பங்குதாரர் எந்தக் கட்சிக்கு வேண்டியவர், முதலீடு எல்லாம் மண்ணில் இறங்கிய பிறகு பேரம் பேச நம் கையில் என்ன மிச்சம் என்று. 5 சதவீதத்தை எதிர்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. 4 என்றால் 4, 6 என்றால் 6.

கடன் விஷயத்தில் ரேட் வழி ஆபத்தானதும்கூட. தாய் நிறுவனம் வங்கிக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தால், சாலை போனாலும் தவணை போகாது. ஆனால் வரவில் தவணையைக் கழித்து, மிஞ்சியதை 15 சதவீதத்தில் சுருக்கும்போது தவணையும் சேர்ந்து சுருங்குகிறது, சாலையோடு கடனும் அழிந்துவிடும் என்பதுபோல. வருஷ வாய்ப்பு முறையில் வரவை மட்டும் 0.95-ஆல் பெருக்கிவிட்டுத் தவணையை முழுசாக விடலாம். எங்கள் கோப்பில் இதுதான் பெரிய ஓட்டை. அதை முதலில் யாரும் பார்க்கவில்லை, என்னையும் சேர்த்து.

காப்பீடு இருந்தால் இன்னும் சுலபம். மும்பையிலேயே தலைமையகம் உள்ள மத்திய அரசின் ஏற்றுமதிக் காப்பீட்டு நிறுவனம் இ.சி.ஜி.சி. வெளிநாட்டு முதலீட்டுக்குப் போர், அரசு கையகப்படுத்தல், பணம் அனுப்பத் தடை ஆகியவற்றுக்கு எதிராகப் பாலிசி தருகிறது. உலக வங்கிக் குழுமத்தின் முதலீட்டுக் காப்பீட்டு அமைப்பான மிகாவும் தருகிறது, பங்கு முதலீட்டில் 90 சதவீதம் வரை. ப்ரீமியம் செலவு வரிசையில், கிடைக்கக்கூடிய இழப்பீடு வரவு வரிசையில். அதற்கு மேலும் ரேட்டில் 5 சேர்ப்பவர் ஒரே பயத்துக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறார். நல்ல திட்டங்கள் இப்படித்தான் கமிட்டியில் விழுகின்றன.

தம்பி இப்போது கோப்பைத் திருத்தியிருக்கிறான். ரேட் 10. கீழே புதிதாக ஒரு வரிசை, வருஷத்துக்கு ஒரு எண்: முதல் வருஷம் 2, இரண்டு 2, மூன்று 15, நான்கிலிருந்து 3. மூன்றுக்கு ஏன் 15 என்று ட்ரெஷரி சீனியர் கேட்டார். தேர்தல் என்றான். போன தடவை ஜெயித்தவர்கள் சாலை ஒப்பந்தங்களைத் தொடவில்லையே என்றார் அவர். தொடவில்லை, ஆனால் அப்போது சுங்கமே கிடையாது என்றான் இவன். வெள்ளிக்கிழமை அத்தோடு கலைந்தோம். ப்ரீமியம் மேற்கோள் இன்னும் வரவில்லை.