அமிக்டலா அணைவதில்லை, தணிகிறது

“கோணத்தை மாற்றி யோசித்தா முன்மூளை நேரடியா அமிக்டலாவை ஆஃப் பண்ணிடும், ஸ்கேன்லயே தெரியுதே!” என்று ஒருவர் சொன்னார்.

பாதி சரி. அமிக்டலா என்பது பயம் போன்ற உணர்ச்சிகளில் முக்கியப் பங்குள்ள மூளைப் பகுதி. கோணத்தை மாற்றி யோசிப்பதற்கு மறுமதிப்பீடு என்று பெயர். 2002இல் ஆக்ஸ்னர் குழு வேதனையான படங்களைக் காட்டி, சில படங்களை அப்படியே உணரவும், சிலவற்றுக்கு வேறு விளக்கம் யோசிக்கவும் சொன்னது. அழுபவர்களைப் பார்த்து “இது சாவு வீடு இல்லை, திருமணம்” என்று நினைப்பது மாதிரி. அப்போது முன்மூளையின் பக்கப் பகுதிகள் கூடுதலாக இயங்கின, அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது. ஆனால் அது வெறுமனே உணர்ந்தபோது இருந்ததைவிடக் குறைவு, அவ்வளவுதான். அணைந்துவிட்டது என்று ஸ்கேன் காட்டவில்லை.

“நேரடியாக” என்பதுதான் பெரிய சிக்கல். வேலை செய்யும் மேல்பக்க முன்மூளையிலிருந்து அமிக்டலாவுக்கு நேர் இணைப்பு மிகக் குறைவு. 2014இல் 48 ஆய்வுகளைத் தொகுத்த பூலும் சகாக்களும், பொருள் புரிந்துகொள்ள உதவும் பக்கவாட்டு டெம்போரல் பகுதியும் சேர்ந்து இயங்குவதைக் கண்டார்கள். காட்சியின் அர்த்தமே மாறுவதால் அமிக்டலா தணிகிறது என்பது இதற்குப் பொருந்தும் விளக்கம். அந்த வழி இன்னும் முடிவாகவில்லை.

இன்னொன்று: உணர்ச்சியைக் கூட்டச் சொன்னாலும் முன்மூளையின் பல அதே பகுதிகள்தான் இயங்குகின்றன, அமிக்டலா ஏறுகிறது. வெறும் பிரேக் என்றால் இது நடக்காது.

இன்னொருவர் “நான் முகத்தில் காட்டாமல் அடக்கிப் பார்த்தேன், பயம் போகவில்லை” என்றார். சரிதான், ஆனால் அது மறுமதிப்பீடு அல்ல. 2008இல் கோல்டின் குழு அருவருப்பான வீடியோக்களைக் காட்டியபோது, முகபாவத்தை அடக்கியவர்களுக்கு அமிக்டலா தணியவில்லை, கூடியது.