மார்ச் 31க்கு முன்னால் ஒரு புதன்கிழமை

வெள்ளவத்தையில் காலி வீதிக்குப் பக்கத்திலே எங்கள் சின்னக் கந்தோர் மூன்று வருடம் இருந்தது. குத்தகை 2022 யூலை 1இல் தொடங்கி 2025 யூன் 30இல் முடிவது. மாச வாடகை 1,80,000 ரூபா. முதல் 24 மாதம் லொக்-இன், அதாவது அதற்குள் எழும்பிப் போனால் மிச்ச வாடகையைக் கட்டவேண்டும். அதுக்குப் பிறகு மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துப் போகலாம்.

"லொக்-இன் போன வருசமே முடிஞ்சுதே, இனி எப்ப வேணுமெண்டாலும் போகலாம்" என்றுதான் என் பங்காளி சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பினேன். அக்ரிமென்ட்டின் கடைசிப் பக்கங்களை யார் வாசிக்கிறது?

கடைசிப் பக்கத்தில்தான் விசயம் இருந்தது. முடிவுத் திகதிக்கு ஆகக் குறைந்தது மூன்று முழு மாதத்துக்கு முன்னால் "புதுப்பிக்கவில்லை" என்ற எழுத்து நோட்டீஸ் மற்றத் தரப்பின் கைக்குக் கிடைக்காவிட்டால், 10 வீதக் கூட்டு வாடகையில், அதே நிபந்தனைகளுடன் குத்தகை இன்னும் இரண்டு வருடத்துக்குத் தானாக நீளும். "அதே நிபந்தனைகளுடன்" என்ற சொல்லைக் கவனியுங்கோ. லொக்-இன்னும் ஒரு நிபந்தனைதான். இரண்டு வருடக் குத்தகைக்கு 24 மாத லொக்-இன் என்றால் வெளியே போற வாசலே இல்லை. 1,98,000 ரூபா வீதம் 24 மாதத்துக்கு 47,52,000 ரூபா.

யூன் 30க்கு முன்னால் மூன்று முழு மாதம் என்றால் ஏப்ரல், மே, யூன். ஆக மார்ச் 31க்குள் கடிதம் கட்டிடக்காரரிடம் இருக்கவேணும். நாங்கள் மார்ச் 26, புதன்கிழமை பதிவுத் தபாலில் போட்டோம். ஐந்து நாள் இருக்கே என்ற நிம்மதியில் துண்டை ஃபைலில் குத்திவிட்டு வந்தேன்.

பின்னேரம் சட்டத்தரணி அக்கா கோல் எடுத்தா. "தம்பி, பதிவுத் தபால் போட்டு மூண்டாவது வேலை நாளிலதான் கிடைச்சதாகக் கொள்ளப்படும் எண்டு உங்கட லீசில கிடக்கு. எண்ணிப் பாருங்கோ." எண்ணினேன். வியாழன் ஒன்று. வெள்ளி இரண்டு. சனி, ஞாயிறு இல்லை. திங்கள் 31, நோன்புப் பெருநாள் லீவு. மூன்றாவது வேலை நாள் ஏப்ரல் 1, செவ்வாய்!

சரி, லொக்-இன் முடிந்தபிறகு கொடுக்கலாம் என்ற அந்த மூன்று மாத நோட்டீஸாவது காப்பாற்றாதா என்று கேட்டேன். ஏப்ரல் 1இல் கிடைத்த நோட்டீஸ் முடிகிறபோது யூலை பிறந்துவிடும். யூலை 1இல் புதிய லொக்-இன் தொடங்கியிருக்கும். வழக்காடலாம், நிலம், கட்டிடத்தை ஒரு மாதத்துக்கு மேல் குத்தகைக்குக் கொடுக்க நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேணுமென்ற 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கலாம், ஆனா டிபொசிட் அவர்களின் கையில் கிடக்கு என்றா அக்கா.

கடிதத்திலும் பிழை பிடித்தா. பங்காளி "மூன்று மாத நோட்டீஸ் தந்து குத்தகையை ரத்துச் செய்கிறோம்" என்று எழுதியிருந்தார். ரத்து என்றால் கிடைத்த நாளில் இருந்து எண்ணுகிற கதை வந்துவிடும். மாற்றி எழுதினோம்: இந்தப் பிரிவின்படி புதுப்பிக்கவில்லை, 30.06.2025இல் குத்தகை முடிகிறது, அன்றே திறப்பை ஒப்படைப்போம். அவ்வளவுதான். ஏன் போகிறோம், எவ்வளவு கஷ்டம் என்றெல்லாம் ஒரு வரியும் இல்லை.

அடுத்த நாள் காலையிலே கையோடு கொண்டு போனேன். கையில் கொடுத்தால் அன்றே கிடைத்ததாகக் கணக்கு, அதுவும் லீசில் இருந்தது. வரவேற்பில் இருந்த பிள்ளை என் பிரதியில் சீல் குத்தித் தந்தது. பார்த்தால் திகதி 26. சீலின் இலக்கத்தை இன்னும் திருப்பவில்லை. ஒரு நாள் முந்தினது எங்களுக்கு நல்லதுதானே என்று பேசாமல் வந்திருக்கலாம். ஆனால் கையில் கொடுக்காத நாளின் திகதி பிறகு எங்களையே பொய்யராக்கும். "தங்கச்சி, 27 எண்டு பேனையால எழுதி, நேரமும் போட்டு, பேரோட கையெழுத்து வைச்சுத் தாங்கோ" என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழுதித் தந்தது. 10.40.

கட்டிடக்காரர் நல்ல மனுசன், அதையும் சொல்லவேணும். பெப்ரவரியிலேயே வட்ஸ்அப்பில் "யூனோட போறம் ஐயா" என்று போட்டதுக்குக் கட்டை விரல் காட்டினவர். அந்த விரலை நம்பித்தான் நாங்கள் மார்ச் கடைசி வரைக்கும் இழுத்தடித்தது. நேரில் கதைத்தபிறகு கடிதம் கொடுப்பது மரியாதைக் குறைவு என்று எங்கட ஆட்களுக்கு ஒரு எண்ணம். ஆனா லீசில் கையளிப்பும் பதிவுத் தபாலும்தான் இருந்தது, வட்ஸ்அப் இல்லை. ஏப்ரல் நடுவில் அவருடைய மகன் கோல் எடுத்து, "அங்கிள், உங்கட லெட்டர் ஏப்ரல் 1 எண்டு எங்கட கணக்கு" என்று தொடங்கினார். சீல் குத்தின பிரதியைப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை. யூன் 30, பின்னேரம் நாலு மணிக்குத் திறப்பைக் கொடுத்து, அதுக்கும் கையெழுத்து வாங்கினேன்.