படத்துக்குக் கீழே ஒரு வரி எழுத என்ன கேடு?

அறிக்கை எழுதுகிற பெரியவர்களே, படத்தைப் போட்டால் அது தானாகப் பேசும் என்று உங்களுக்கு யார் சொன்னது? பேசாது. பக்கத்துக்குப் பக்கம் படம். ஒன்றின் கீழும் ஒரு எழுத்து இல்லை. இலக்கம் இல்லை, இடம் இல்லை, திகதி இல்லை. ஆனால் உள்ளே மட்டும் "மேலுள்ள படத்தில் தெளிவாகக் காணலாம்" என்று எழுதியிருக்கும். எந்தப் படத்தில்? பக்கத்தை அடுக்கும்போது மேலே இருந்த படம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு "மேலுள்ள படம்" வேறொரு படமாகிவிடும். "படம் 3" என்று ஒரு இலக்கம் போட்டிருந்தால் அது எங்கே போனாலும் படம் 3 தான்.

கல்முனையில் இருந்துகொண்டு அறிக்கைகளை அச்சுக்கு அடுக்கிக் கொடுப்பது என் தொழில். இந்தக் கோபம் பல வருடமாக உள்ளே கிடக்கிறது. போன மாதம் வந்த ஒரு கடலரிப்பு அறிக்கைதான் அதை வெளியே கொண்டுவந்தது. எழுதியவர்கள் யார் என்பது இங்கே தேவையில்லை. படங்களைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கிழக்கிலங்கையில் துறைமுகம் இருக்கிற ஒலுவில் என்ற ஊரின் கரையைப் பற்றிய அறிக்கை அது. ஒரு பக்கத்தில் இரண்டு படங்கள் அருகருகே இருந்தன. இடப்பக்கப் படத்தில் அகலமான வெண்மணல் கரை, தோணிகள், தூரத்தில் கடலுக்குள் நீட்டிய கருங்கல் அணை. வலப்பக்கப் படத்தில் மண் செங்குத்தாக அறுந்த கரை, வேர் வெளியே தெரியச் சாய்ந்த தென்னைகள், அலைக்குள் நிற்கும் ஒரு கிணற்றுக் கொட்டு, அங்கேயும் தூரத்தில் ஒரு கல் அணை. படங்களுக்குக் கீழே எதுவும் இல்லை. பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? "முன்பு இப்படி இருந்தது, இப்போது இப்படி ஆகிவிட்டது" என்றுதான் தோன்றும். அருகருகே இரண்டு படம் வைத்தால் நம் கண் அப்படித்தான் படிக்கும்.

நானும் அச்சுப் பிரதியைத் தெரிந்த மீனவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒரு தடவைதான் பார்த்தார். "ரெண்டும் ஒரே இடமில்ல தம்பி. இதுல கடல் சோத்துக்கைப் பக்கம் கிடக்கு, அதுல இடக்கைப் பக்கம் கிடக்கு" என்றார். 

நமது கரை கிழக்குக் கரை. கடல் கிழக்கே. கரையோரமாக வடக்கைப் பார்த்து நின்றால் கடல் வலக்கைப் பக்கம் வரும். தெற்கைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வரும். ஆகவே முதல் படத்தை எடுத்தவர் அணைக்குத் தெற்கே நின்று வடக்கைப் பார்த்து எடுத்திருக்கிறார். இரண்டாவது படத்தை எடுத்தவர் அணைக்கு வடக்கே நின்று தெற்கைப் பார்த்து எடுத்திருக்கிறார். இரண்டு படத்திலும் தெரிவது அந்தத் துறைமுகத்தின் அணைகள்தான் என்றால், இவை "முன்பு, பின்பு" படங்கள் அல்ல. ஒரே துறைமுகத்தின் இரண்டு பக்கங்கள். ஒரே நாளில் கூட எடுத்திருக்கலாம்.

இது சின்ன விஷயமா? அறிக்கையின் வாதமே இதில்தான் நிற்கிறது. இந்தக் கரையில் வருட மொத்தத்தில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அணைகள் அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கின்றன. தெற்கிலிருந்து வந்த மணல் அணைக்குத் தெற்கேயே தேங்கிக் கரை அகலமாகிறது. வடக்கே போகவேண்டிய மணல் போகாததால் அந்தப் பக்கக் கரையை அலை தின்கிறது. துறைமுக வாய் மணலால் அடைபடுவதும் இதே கதைதான். இந்த இரண்டு படத்துக்கும் கீழே "அணைக்குத் தெற்கே", "அணைக்கு வடக்கே" என்று எழுதியிருந்தால், அரிப்புக்கு எது காரணம் என்பதற்கு அவையே நல்ல சான்றாக இருந்திருக்கும். எழுதாமல் விட்டதால் "கடல் பொங்கிவிட்டது, காலம் கெட்டுவிட்டது" என்ற பொதுப் புலம்பலாகிவிட்டது. தெற்கே கிடக்கிற மணலை எடுத்து வடக்கே போடலாமா என்ற கேள்வி, இந்தப் பக்கத்தைப் பார்க்கிற அதிகாரிக்கு எப்படித் தோன்றும்?

சரி, குறிப்பில்லாத படத்திலிருந்து எவ்வளவுதான் சொல்லலாம்? கொஞ்சம் சொல்லலாம். திசையைச் சொன்னேன். அதற்கும் நிபந்தனை இருக்கிறது. படம் இடம் வலமாகப் புரட்டப்பட்டிருக்கக் கூடாது. தோணியில் எழுதிய எழுத்துகள் நேராக வாசிக்க வந்தால் புரட்டப்படவில்லை. நிழல் கரைப்பக்கமாக விழுந்தால் வெயில் கடல் பக்கமிருந்து வருகிறது, அப்படியென்றால் காலை. கடல் பக்கமாக விழுந்தால் மாலை. அலைக்குள் நிற்கிற கிணற்றுக் கொட்டும் ஒன்று சொல்கிறது. கிணற்றை யாரும் கடலுக்குள் தோண்டுவதில்லை, ஆகவே அதைச் சுற்றியிருந்த மண் போய்விட்டது. இவ்வளவும் படத்தைப் பார்த்தே சொல்லலாம்.

எந்த வருடம்? சொல்ல முடியாது. எந்த மாதம்? அதுவும் முடியாது. மாதம் தெரியாதது நமது கரையில் பெரிய வில்லங்கம். வாடைக் காற்றுக் காலத்தில், மார்கழி தை மாதங்களில், பெரிய அலை வந்து கரை மணலைக் கடலுக்குள் இழுத்துப் போட்டுவிடும். கரை குறுகும், மண் அறுந்து நிற்கும். பிறகு கடல் அடங்கிக் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அந்த மணலில் ஒரு பங்கை அலை திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். ஆகவே ஆகஸ்ட்டில் எடுத்த படத்தையும் ஜனவரியில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால், வருடாவருடம் நடக்கிற மாற்றமே நிரந்தர அழிவு போலத் தெரியும். மாற்றி வைத்தால் அழிந்த கரை மீண்டது போலத் தெரியும். நிரந்தரமாக எவ்வளவு போனது என்று காட்டவேண்டுமென்றால் ஒரே இடத்தில், ஒரே திசையில், வெவ்வேறு வருடங்களின் ஒரே பருவத்தில் எடுத்த படங்கள் வேண்டும். அப்படி எடுத்தீர்களா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தானே சொல்லவேண்டும்!

இன்னொரு படம் இருந்தது. கரையில் இடிந்த ஒரு வீட்டுச் சுவர், பாதி மணலுக்குள். அதைப் பார்த்ததும் என் வயிறு எரிந்தது. இந்தக் கரை முழுவதும் 2004 டிசம்பர் 26 சுனாமியில் அடிபட்ட கரை. அன்று இடிந்த சுவர்கள் பல வருடம் அப்படியே கிடந்தன. இது சுனாமி இடித்த சுவரா, துறைமுகம் வந்த பிறகு அரிப்பில் விழுந்த சுவரா? படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சுனாமியில் விழுந்த வீட்டை அரிப்புக் கணக்கில் காட்டினால், எதிர்த்தரப்பில் இருக்கிற ஒருவர் அந்த ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு முழு அறிக்கையையும் பொய் என்பார். வீட்டை இழந்த குடும்பங்களின் உண்மையான முறைப்பாடும் அதோடு சேர்ந்து போகும்.

இதையெல்லாம் எழுதி அனுப்பிக் கேட்டால் வந்த பதில்தான் என்னைக் கொதிக்க வைத்தது. "நீங்களே படத்தைப் பார்த்து ஏதாவது பொருத்தமாகப் போட்டுவிடுங்க." ஏதாவதா? "கடலரிப்பினால் பாதிக்கப்பட்ட ஒலுவில் கரை" என்று நான் போட்டால் எத்தனை விஷயங்களை உண்மை என்று சொல்கிறேன் தெரியுமா? "கடலரிப்பினால்" என்றால் காரணம் சொல்கிறேன். "ஒலுவில்" என்றால் இடம் சொல்கிறேன். "பாதிக்கப்பட்ட" என்றால் முன்பு வேறு மாதிரி இருந்தது என்கிறேன். இதில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. அங்கே நின்றவர்கள் நீங்கள். நான் என் மேசையிலிருந்து எழுதக்கூடியது "மண் அறுந்த கரை, சாய்ந்த தென்னைகள், அலைக்குள் ஒரு கிணற்றுக் கொட்டு" என்பது மட்டும்தான். அதற்கு மேல் ஒரு சொல் போட்டாலும் புனைவு.

சரி, கோப்பின் பெயரிலாவது திகதி இருக்குமா என்று பார்த்தேன். `IMG-20230114-WA0019.jpg` என்று இருந்தது. இது 2023 ஜனவரி 14இல் எடுத்த படம் என்று நினைக்காதீர்கள். வட்ஸ்அப் போடுகிற இந்தப் பெயரில் இருப்பது படம் அதன் வழியாகக் கைமாறிய திகதி. பத்து வருடம் பழைய படத்தை அன்று யாராவது அனுப்பியிருந்தாலும் இதே பெயர்தான் வரும். போன் படம் எடுக்கும்போது உள்ளே பதிகிற நேரத்தையும் இடத்தையும், சாதாரணமாகப் படமாக அனுப்பினால் வட்ஸ்அப் கழற்றிவிடும். மற்றப் படங்கள் வேர்ட் கோப்புக்குள் ஒட்டப்பட்டு வந்தன. அந்தக் கோப்பை ஸிப் கோப்பாகப் பிரித்துப் பார்த்தால் உள்ளே `image7.jpeg` என்றுதான் பெயர். பழைய பெயரும் போய்விட்டது.

அறிக்கை எழுதியவர் தரவேண்டியது என்ன? ஒரு எடுத்துக்காட்டு எழுதிக் காட்டுகிறேன். இடமும் திகதியும் அளவும் மாதிரிக்குப் போட்டவை:

"படம் 4: துறைமுகத்தின் வடக்கு அணையிலிருந்து ஏறத்தாழ 300 மீற்றர் வடக்கே, தெற்கு நோக்கி எடுத்தது. 2023 ஜனவரி 10, காலை. அலைக்குள் தெரியும் கிணறு முன்பு வீட்டு வளவுக்குள் இருந்ததாக வளவின் சொந்தக்காரர் கூறினார். அறுந்த கரையின் உயரம் கிணற்றருகில் 1.2 மீற்றர் (நாடாவால் அளந்தது). படம்: கள உதவியாளர்."

எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்? இரண்டு நிமிடம். ஆனால் களத்தில் நிற்கும்போதே குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருக்கவேண்டும். இந்தக் குறிப்பில் கண்ணால் பார்த்தது ஒன்று, அளந்தது ஒன்று, இன்னொருவர் சொன்னது ஒன்று. மூன்றும் யாருடையது என்று வாசிப்பவருக்குத் தெரிகிறது. படத்தில் உயரம் காட்டவேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு ஆளையோ அளவுகோலையோ நிறுத்துங்கள். வெறும் மணல் மேட்டைக் கிட்ட நின்று எடுத்தால் முழங்கால் உயரமும் மலை போல இருக்கும்.

திகதி உண்மையிலேயே தெரியாவிட்டால் "திகதி தெரியவில்லை, ஊர்வாசி ஒருவர் தந்த படம்" என்று எழுதுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. அந்தப் படத்தை ஒப்பிடுவதற்குப் பயன்படுத்தாமல் விட்டால் சரி. இடமும் தெரியவில்லை, எடுத்தவரும் தெரியவில்லை என்றால் அந்தப் படம் அறிக்கைக்குள் எதற்கு? பக்கம் நிரப்பவா? எடுத்துவிடுங்கள்.

அந்த இரண்டு படங்களும் இருக்கிற பக்கத்தை நான் இன்னும் அச்சுக்கு விடவில்லை. எடுத்தவர் யாரென்று தேடுங்கள். அவருடைய போனில் இருக்கிற மூலப் படத்தை ஈமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். வட்ஸ்அப்தான் வசதி என்றால் படமாக அனுப்பவேண்டாம், டொக்கியுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது உள்ளே பதிந்த நேரமும் இடமும் கழறாமல் வரும். இடிந்த சுவர் யாருடைய வீடு, எந்த வருடம் விழுந்தது என்று அந்த வீட்டுக்காரரிடம் போய்க் கேளுங்கள். ஒலுவிலில்தான் இருப்பார்.