ரசீதின் பின்பக்கம்

டிரைகிளீனிங் கடையில் அம்மாவின் புடவை பொசுங்கியதைப் போன வாரமே எழுதியிருந்தேன். மறுபடி எழுதத் தெம்பில்லை. ஆனால் அதன் கீழே ஒருவர் எழுதிய கருத்து தூங்கவிடவில்லை: "ரசீதைப் படித்துப் பார்த்துத்தானே துணியைக் கொடுத்திருக்க வேண்டும்?"

படித்துப் பார்த்து! கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறி, பாலக்காட்டு டிரைகிளீனிங் கடையில் அம்மா புடவையை நீட்டினார். கடைக்காரர் வாங்கி, விரித்துப் பார்த்து, பின்னால் வீசிய பிறகுதான் ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். பின்பக்கம் ஆங்கிலத்தில், எறும்பு வரிசை போல எட்டு வரிகள். ஆறாவது வரி: சேதமானாலும் தொலைந்தாலும் சலவைக் கட்டணத்தின் பத்து மடங்குக்கு மேல் தர மாட்டோம். அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். கட்டணம் 350 ரூபாய், புடவை 18,500 ரூபாய். தேய்ப்புப் பெட்டியில் ஜரிகையைப் பொசுக்கிவிட்டு 3,500 ரூபாயை எண்ணி வைக்கிறார்கள். பொசுக்கியது தங்கள் கைதான் என்பதை மறுக்கக்கூட இல்லை. "கண்டிஷன் இருக்கிறதே" என்கிறார்கள்.

அம்மா எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளும்படி யாரும் அவரைக் கேட்கவும் இல்லை.

இது புதிய வழக்கும் இல்லை. லில்லி ஒயிட் என்ற சலவைக்கடைக்கும் முனுசாமி என்பவருக்கும் நடந்த வழக்கு 1966-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. அங்கும் தொலைந்தது புடவைதான். சந்தை விலையில் பாதிதான் தருவோம் என்று ரசீதின் பின்னால் அச்சடித்திருந்தார்கள். செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். காரணம் எளிது. புதுப் புடவையைத் தானே வைத்துக்கொண்டு பாதி விலையைக் கொடுத்தால் கடைக்கு லாபம். கவனக்குறைவுக்கும் நேர்மையின்மைக்கும் பரிசு தரும் நிபந்தனை பொதுநலனுக்கு எதிரானது.

"அது மெட்ராஸ் தீர்ப்பு, கேரளாவைக் கட்டுப்படுத்தாது" என்று ஒருவர் வருவார். தெரியும். கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம். ஒப்பந்தச் சட்டம் மட்டும் வாளையாறு சோதனைச்சாவடியைத் தாண்டியதும் மாறிவிடுகிறதா? 1872-இல் வந்த அதே சட்டம்தான் இங்கும். அடுத்தவர் பொருளை வாங்கி வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்ப்பது போல அதைப் பார்க்க வேண்டும் என்கிறது அதன் 151-ஆம் பிரிவு.

"350 ரூபாய்க்கு 18,500 ரூபாய் ஆபத்தை எந்தக் கடை தாங்கும்?" இந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் உண்டு. அப்படியென்றால் புடவையை வாங்கும்போதே விலையைக் கேட்கலாம், கூடுதல் கட்டணம் சொல்லலாம், முடியாது என்று திருப்பித் தரலாம். வாங்கும்போது வாய் திறக்காமல், பொசுக்கிய பிறகு தாளைத் திருப்பிக் காட்டுவது வியாபாரமா?

கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அதற்கும் வருவீர்கள். பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில், 1996-இல், கூரியர் படிவத்தில் கையெழுத்திட்டவருக்கு அதிலிருந்த 100 டாலர் இழப்பீட்டு வரம்புதான் என்றது உச்ச நீதிமன்றம். சரி. அம்மா எங்கே கையெழுத்திட்டார்?

அப்பா சைக்கிள் ஸ்டாண்டு நடத்தியது ஊரில் பலருக்கு நினைவிருக்கும். அங்கேயும் தகரப் பலகை தொங்கியது: "தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல." எழுதியவரே அப்பாதான். ஒருநாள் மில் தொழிலாளி ஒருவரின் சைக்கிள் காணாமல் போனது. அவர் பலகையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். மறுநாள் அம்மாவின் வளையல் ஒன்று அடகுக்கடைக்குப் போனது. பலகையைக் காட்டியிருக்கலாமே என்று கேட்டேன். "டோக்கன் கொடுத்து வாங்கி வைத்தது நான்தானே" என்றார். 2019-இல், தில்லி நட்சத்திர ஹோட்டலில் சாவியை ஒப்படைத்த பின் திருடு போன கார் வழக்கில், உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதையேதான் சொன்னது: கார் உரிமையாளரின் பொறுப்பு என்று சீட்டில் அச்சடித்துவிட்டு, தன் கவனக்குறைவிலிருந்து ஹோட்டல் தப்பிக்க முடியாது.

வழக்குப் போடச் சொல்லும் நண்பர்களுக்கு ஒன்று. 2019 நுகர்வோர் சட்டம் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று ஒன்றை வரையறுத்திருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனையை அந்தப் பெயரில் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில நுகர்வோர் ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான், மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. ஒரு புடவைக்காகத் திருவனந்தபுரம் வரை போவதா? அதனால் ஒப்பந்தத்தைத் தொடாமல், சேவைக் குறைபாடு, கவனக்குறைவு என்று பாலக்காடு மாவட்ட ஆணையத்தில் எழுதிக்கொடுக்கப் போகிறேன். கடைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருட அவகாசமும் இருக்கிறது.

அம்மாவோ "விடு, அந்தப் பையன் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது" என்கிறார். 3,500 ரூபாயை அவர் வாங்கவில்லை. பொசுங்கிய இடம் உள்ளே போகும்படி புடவையை மடித்து, ரசீதையும் அதற்குள் செருகிப் பீரோவில் வைத்திருக்கிறார். வழக்குக்கு வேண்டும் என்று நேற்று கேட்டேன். சாவி எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்கிறார்.