முதல் கவர் பாட்டும் நாலு வரி கேப்ஷனும்

எங்கள் வீட்டுப் பெண், என் தங்கை மகள், போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் முதல் கவர் பாட்டை யூடியூபில் ஏற்றிவிட்டாள். 'சின்னச் சின்ன ஆசை'. பெருமையில் நான் எழுதும் பதிவுதான் இது, மறைக்கவில்லை. ஆனால் பாட்டுக்கு ஆன நேரத்தைவிட அதன் கீழே போடும் கேப்ஷனுக்குத்தான் வீட்டில் அதிகம் சண்டை நடந்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது.

முதலில் இணையத்தில் கிடைத்த கரோக்கியை வைத்துத்தான் பாடிப் பார்த்தாள். பல்லவி சுகமாக வந்தது. சரணத்தில் மேலே போகும் இடத்தில் தொண்டை இறுகியது. பல்லவியை மட்டும் பாடிப் பார்த்துச் சுருதியை முடிவு செய்கிறவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஒரு கட்டை இறக்கலாம் என்று மென்பொருளில் டிராக்கை இறக்கினால், புல்லாங்குழல் ஜலதோஷம் பிடித்த மாதிரி ஒலித்தது. அப்புறம் கரோக்கியையே தூக்கிப் போட்டுவிட்டு அவள் தம்பியின் ஒற்றைக் கிடாரோடு பாடினாள். கிடாரில் சுருதியை மாற்றுவது பெரிய வேலை இல்லை. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கரோக்கி டிராக்கும் யாரோ ஒருவருக்குச் சொந்தமான ஒலிப்பதிவுதான், இணையத்தில் கிடைக்கிறது என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது.

படுக்கையறையில், துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் கம்பளியைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திப் பதிவு செய்தார்கள். நன்றாக வந்த ஒரு டேக், சமையலறை குக்கர் விசிலில் போயிற்று. தங்கை இன்றுவரை அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

இனி கேப்ஷன். அவள் முதலில் எழுதியது இது: "என் முதல் முயற்சி, தப்பு இருந்தா மன்னிச்சிருங்க, எல்லாரும் சப்போர்ட் பண்ணுங்க. காப்புரிமையை மீறும் நோக்கம் இல்லை."

ஒரு வரிகூடத் தேறாது என்றேன். முகம் சுருங்கிவிட்டது. கேட்கிறதுக்கு முன்னாலேயே தப்பு இருக்கிறது என்று சொன்னால், கேட்கிறவர் தப்பைத்தான் தேடுவார். கடைசி வரியோ வெறும் மந்திரம். பாட்டின் மெட்டும் வரிகளும் உரிமையாளருக்கே சொந்தம். நோக்கம் இல்லை என்று எழுதுவதால் அதில் எதுவும் மாறாது. அதைவிட என்னை உறுத்தியது வேறு. அந்தக் கேப்ஷனில் மின்மினி இல்லை. 1992-ல் 'ரோஜா' வந்தபோது அந்தக் குரலில்தான் நாங்கள் இந்தப் பாட்டைக் கேட்டோம். ரஹ்மானின் முதல் படம் என்று எல்லோருக்கும் தெரியும், வரிகளுக்காக வைரமுத்து தேசிய விருது வாங்கியதும் பலருக்கு நினைவிருக்கும். பாடியவர் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். ஒரு பாட்டை எடுத்துப் பாடுகிற பாடகியே முதலில் பாடியவரை விட்டுவிட்டால் எப்படி?

ராத்திரி பத்து மணிக்கு ஒருவழியாக முடிவானது இது:

"மின்மினி பாடிய 'சின்னச் சின்ன ஆசை' (ரோஜா, 1992).
இசை: ஏ.ஆர்.ரஹ்மான். வரிகள்: வைரமுத்து.
என் முதல் கவர். ஒரு குரல், ஒரு கிடார்.
கிடார்: என் தம்பி. பதிவு: எங்கள் வீட்டுப் படுக்கையறை."

பெயர்கள் மேலே இருப்பதற்குக் காரணம் உண்டு. போனில் பார்க்கிறவருக்கு விவரப் பகுதியின் தொடக்கம் மட்டும்தான் கண்ணில் படும், மிச்சத்தை அவர் தட்டித்தான் திறக்க வேண்டும். யார் தட்டுகிறார்கள்?

ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் காப்பிரைட் கிளெய்ம் என்று ஒரு அறிவிப்பு வந்தது. தங்கை பதறிப்போய், "அண்ணா, கேஸ் கீஸ் ஆயிடுமா?" என்று போன் செய்தாள். ஆகாது. கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. ஸ்ட்ரைக்தான் வம்பு, 90 நாளுக்குள் மூன்று வாங்கினால் சேனலையே மூடிவிடலாம். கிளெய்ம் என்றால், இந்த மெட்டு இன்னாருடையது என்று யூடியூபின் கன்டென்ட் ஐடி கண்டுபிடித்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்து என்ன என்பது உரிமையாளர் கையில். சிலர் வீடியோவை முடக்குவார்கள், சிலர் ஓட விட்டு விளம்பரக் காசை எடுத்துக்கொள்வார்கள். இவளுக்கு வந்தது இரண்டாவது வகை. விளம்பரக் காசில் பங்கு கேட்கவே 1,000 சப்ஸ்கிரைபரும், ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் (ஷார்ட்ஸுக்குக் கணக்கு வேறு). இவளிடம் இருப்பது 63 பேர், அதில் பாதி எங்கள் சொந்தக்காரர்கள். போகட்டும், எடுத்துக்கொள்ளட்டும்.

சொந்தக்காரர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் சித்தப்பா பாசத்தில் வீடியோவை டவுன்லோட் செய்து நான்கு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். எல்லோரும் அங்கேயே கேட்டுக் கைதட்டல் பொம்மை போட்டார்கள். அந்தக் கேட்பு ஒன்றுகூட அவள் சேனல் கணக்கில் சேராது, கேப்ஷனும் அங்கே போய்ச் சேரவில்லை. அதனால் நான் வீடியோவை இங்கே ஏற்றவில்லை. சுட்டி முதல் கமெண்டில் இருக்கிறது. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில் தூரத்தில் ஒரு சைக்கிள் மணி கேட்கும். அழித்துவிடலாம் என்றான் தம்பி, இருக்கட்டும் என்றாள் அவள்.