ஃபிளஷ் வருமா? நாலால் பெருக்குவதற்கு முன்

போக்கர் கற்றுக்கொள்ளும் எவருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படும் வாய்ப்பாடு ஒன்று உண்டு. உங்களுக்கு உதவக்கூடிய சீட்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு சீட்டு வரவேண்டுமென்றால் நாலால் பெருக்குங்கள், ஒன்றுதான் பாக்கி என்றால் இரண்டால் பெருக்குங்கள், வருவது சதவீதம். நானும் இதை வேதவாக்காக நம்பி நிறைய சில்லுகளை இழந்திருக்கிறேன். (பணம் வைத்து ஆடுவதில்லை. பிளாஸ்டிக் சில்லுகள்தான். ஆனாலும் வலித்தது.)

நடந்ததைச் சொல்கிறேன். டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டம். என் கையில் ஹார்ட் ராணியும் ஹார்ட் ஐந்தும். மேசையில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் திறக்கும் மூன்று சீட்டுதான் ஃபிளாப், அதில் விழுந்தவை ஹார்ட் ராஜா, ஹார்ட் ஒன்பது, கிளாவர் இரண்டு. ஆக நாலு ஹார்ட் சேர்ந்துவிட்டது, ஐந்தாவது வந்தால் ஃபிளஷ். நம்மூர் மூணு சீட்டில் 'கலர்' என்பார்களே, அதன் ஐந்து சீட்டு வடிவம். மொத்த ஹார்ட் 13, பார்த்தது 4, மீதி 9. நாலால் பெருக்கினால் 36 சதவீதம்.

நடுவில் 1000 சில்லு கிடந்தது. நண்பன் 500 கட்டினான். நான் 500 போட்டால் மொத்தம் 2000, அதில் என் பங்கு கால்வாசி. 25 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால் போடலாம், என்னிடம்தான் 36 இருக்கிறதே என்று போட்டேன். நாலாவது பொதுச் சீட்டான டர்னில் ஸ்பேடு ஆறு. இப்போது அவன் 1000 கட்டினான். மறுபடியும் எனக்குத் தேவை 25. ஆனால் பாக்கி ஒரே சீட்டுதான், என் வாய்ப்பு 18. முன்னால் போட்ட 500 கண்ணை உறுத்த, அதையும் போட்டேன். கடைசிப் பொதுச் சீட்டான ரிவரில் டைமண்ட் மூன்று. போச்சு.

வாய்ப்பாட்டின் கணக்கில் தப்பில்லை. பார்க்காத சீட்டுகள் 47. அதில் ஒவ்வொன்றும் அடுத்து வர சுமார் 2 சதவீத வாய்ப்பு. அதனால்தான் இரண்டால் பெருக்குகிறோம். (மற்றவர் கையிலும் ஹார்ட் இருக்குமே என்று கேட்பார்கள். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நமக்குத் தெரியாதவரை அவையும் அந்த 47-இல் அடக்கம்.) சரியான கணக்கு டர்னுக்கு 19.1, ரிவருக்கு 19.6. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 35. டர்ன், ரிவர் இரண்டிலுமே ஹார்ட் வரும் சந்தர்ப்பத்தை இரண்டு முறை எண்ணக்கூடாது என்பதால்தான் அது 38 ஆவதில்லை. 36 என்பது மனக்கணக்குக்கு அருமையான தோராயம்.

தப்பு எங்கே என்றால், அந்த 36 இரண்டு சீட்டையும் ஒரே விலைக்குப் பார்ப்பவனுக்கு உரியது. நான் கொடுத்த 500 ஒரு சீட்டுக்கான விலை மட்டுமே. அடுத்த சீட்டுக்கு அவன் தனியாக 1000 வசூலித்தான். இரண்டு சீட்டின் வாய்ப்பை ஒரு சீட்டின் விலையோடு ஒப்பிட்டேன், அவ்வளவுதான் என் முட்டாள்தனம். ஹார்ட் விழுந்ததும் அவன் சீட்டைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவான் என்று வைத்துக்கொண்டால், டர்னிலேயே நான் விலகியிருந்தால் சராசரி நஷ்டம் 117 சில்லு; கடைசிவரை துரத்தினால் 290-ஐத் தாண்டுகிறது.

அதனால் ஃபிளாப்பிலும் இரண்டால்தான் பெருக்கவேண்டும் என்பது என் கட்சி. 18, தேவை 25, ஆகவே விலகு. இதற்கு ஒரே பதில், ஃபிளஷ் அமைந்தபிறகு அவனிடமிருந்து இன்னும் வாங்க முடியுமா என்பது. இந்த ஆட்டத்தில் சராசரியாக இன்னும் 600 சில்லுக்குக் கொஞ்சம் மேல் வாங்க முடிந்தால் அந்த 500 நியாயம். மூணு ஹார்ட் மேசையில் கிடக்கும்போது அவ்வளவு தாராளமாகக் கட்டுகிற ஆள் அவனா என்று நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

அவன் அந்த 500-ஐ ஆல்-இன் ஆக, கையிலிருந்த கடைசிச் சில்லுகளாக வைத்திருந்தால் கதை வேறு. அதன்பின் அவனால் எதுவும் கேட்க முடியாது, இரண்டு சீட்டும் ஒரே விலை. அங்கே நாலால் பெருக்குவதுதான் சரி, கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

அப்புறம் இந்த ஒன்பதும் எப்போதும் ஒன்பது இல்லை. அவன் கையில் இரண்டு 'இரண்டு' இருந்திருந்தால்? ஃபிளாப்பிலேயே அவனுக்கு மூன்று இரண்டு. எனக்கு ஹார்ட் இரண்டு விழுந்தால் ஃபிளஷ் அமையும், அவனுக்கோ ஃபிளஷை வெல்லும் நாலு இரண்டு. அவனிடம் ஹார்ட் ஏஸோடு இன்னொரு ஹார்ட்டும் இருந்தால் இன்னும் மோசம். என் ஃபிளஷ் வந்த அன்றே அவனுடைய பெரிய ஃபிளஷும் வரலாம்.

இப்போதெல்லாம் ஹார்ட்டை எண்ணுவதற்கு முன் எதிரே இருப்பவன் முன்னால் எவ்வளவு சில்லு பாக்கி இருக்கிறது என்று பார்க்கிறேன். போன வாரம் அதே நண்பன் 500-ஐத் தள்ளி ஆல்-இன் என்றான், எனக்கு மறுபடியும் நாலு ஹார்ட். உடனே போட்டேன். இரண்டு கிளாவர் வந்தது. தோற்றேன், ஆனால் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.