பூ பூக்கிறது, பிஞ்சு வெம்புகிறது: ஒரு கேள்வியைப் பின்தொடர்ந்து போன கதை

மாடித்தோட்டம் பற்றிப் படமும் எழுத்தும் போடத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அடுத்து என்ன எழுதுவது என்று திணறும்போதெல்லாம் "உங்களுக்கு எதைப் பற்றி வேண்டும், சொல்லுங்கள்" என்று வாசகர்களிடமே வாக்கெடுப்பு வைப்பது என் வழக்கமாக இருந்தது. அந்தப் பழக்கத்தை இப்போது முற்றிலும் கைவிட்டுவிட்டேன். வாக்கெடுப்பில் ஒவ்வொரு முறையும் ரோஜாவும் மல்லிகையும்தான் வென்றன. ஆனால் ரோஜாவைப் பற்றிப் போட்டால் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆசையைக் கேட்டால் ஆசைதான் பதிலாக வரும். செடி வாடிக்கொண்டிருக்கும் வீட்டில் என்ன சிக்கல் என்பது, நாம் கேட்காத இடத்தில், பழைய பதிவொன்றின் அடியில், எழுத்துப்பிழையோடு கிடக்கிறது.

அப்படிக் கிடந்ததுதான் பாகற்கொடிக் கேள்வி. "பாகல் பூக்குது சார், காய் நிக்கல" என்று ஒருவர் எழுதியிருந்தார். பழைய பதிவுகளைப் பொறுமையாகப் புரட்டியபோது அதே கேள்வி வெவ்வேறு சொற்களில் நாற்பது இடங்களுக்கு மேல் இருந்தது. நான் ஏற்கெனவே அதற்கு ஒரு காணொளி போட்டிருந்தேன் என்பதுதான் வெட்கம். விடை சொன்ன பிறகும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதென்றால், ஒன்று அந்த விடை அவர்கள் கண்ணில் படவில்லை, அல்லது அது அவர்களுடைய கேள்விக்கான விடையே இல்லை. என் விஷயத்தில் இரண்டுமே நடந்திருந்தன.

கண்ணில் படாததற்குக் காரணம் எளிது. நான் வைத்திருந்த தலைப்பு "கொடிக் காய்கறிகளில் மகரந்தச் சேர்க்கை". கேட்டவர்களில் ஒருவர்கூட அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. "பிஞ்சு வெம்புது", "பூ கொட்டுது", "மஞ்சளாகி விழுது" என்றே எழுதியிருந்தார்கள். தேடும்போதும் அப்படித்தானே தேடுவார்கள்? அன்றிலிருந்து ஒவ்வொரு கேள்வியையும் எழுதியவரின் சொல்லிலேயே, திருத்தாமல், ஓர் அட்டவணையில் சேர்த்துவருகிறேன். பக்கத்தில் செடியின் பெயர், மாதம், ஊர் ஆகியவற்றுக்கு மட்டும் இடம். யூடியூப் ஸ்டுடியோவில் கேள்வி உள்ள கருத்துகளை மட்டும் வடிகட்டிக் காட்டும் வசதி உண்டு. அது உதவுகிறது என்றாலும், கேள்விக்குறியே இல்லாமல், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும் நம்மவர்களின் கேள்விகளை அதை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது. கண்ணால் ஒருமுறை படித்துத்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது கோளாறுதான் ஆழமானது. கேட்டவர்களில் பதினைந்து பேரிடம் "பூவுக்கு அடியில் குட்டிப் பாகல் போல ஏதாவது இருக்கிறதா? படம் அனுப்ப முடியுமா?" என்று திருப்பிக் கேட்டேன். வந்த படங்களைப் பார்த்தபோது, ஒரே கேள்வி என்று நான் எண்ணியிருந்தது மூன்றாகப் பிரிந்தது. சிலருடைய கொடியில் ஆண் பூக்கள் மட்டுமே இருந்தன. பாகலில் முதலில் ஆண் பூக்களே வரும், பெண் பூ வரச் சில நாள்கள் ஆகும். அவர்கள் செய்ய வேண்டியதெல்லாம் காத்திருப்பது. வேறு சிலருக்குப் பெண் பூ வந்திருந்தது, ஆனால் மூன்றாவது மாடிக்குத் தேனீ வரவில்லை. காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவிவிட வேண்டியவர்கள் இவர்கள். மீதிப் பேரின் பிஞ்சு நன்றாகவே பிடித்து விரலளவு வளர்ந்து, அதன் பிறகு மஞ்சளாகி இருந்தது. அதை நறுக்கிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே புழு நெளிந்தது. அது பழ ஈயின் வேலை, அங்கே ஆயிரம் முறை பூவைத் தடவினாலும் பயன் இல்லை. பிஞ்சு பிடித்தவுடன் காகித உறை போட்டுக் கட்ட வேண்டும். என் பழைய காணொளி நடுவில் உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. திருப்பிக் கேட்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால், அதே காணொளியை இன்னும் கொஞ்சம் பளபளப்பாக மறுபடி எடுத்திருப்பேன்.

மூன்றையும் பிரித்து, அவர்களுடைய சொற்களிலேயே தலைப்பிட்டுப் போட்டேன். அதன் அடியில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "தம்பி, பாகலுக்குச் சரி. சுரைக்குக் காலையில் தடவச் சொல்லாதீர்கள், அது சாயங்காலம்தான் மலரும்" என்று எழுதினார். அவர் சொன்னது முழு உண்மை. சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்பவை. காலையில் நாம் போகும்போது பூ சோர்ந்து போயிருக்கும். எல்லாக் கொடிக்கும் காலை என்று நான் பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருந்தேன். நன்றி என்று ஒரு சொல்லோடு அதைக் கடந்திருக்கலாம். அதற்குப் பதிலாக, மாலை ஆறரை மணிக்குக் கைப்பேசி வெளிச்சத்தில் சுரைப் பூவைத் தடவும் காட்சியை அவரையே எடுத்து அனுப்பச் சொல்லி, அவர் பெயரோடு போட்டேன். படம் ஆடியது, பின்னால் குக்கர் விசில் கேட்டது. அதன் பிறகு சுரை பற்றி யார் கேட்டாலும் நான் பார்ப்பதற்குள் அந்த அம்மா பதில் சொல்லியிருப்பார்.

பின்தொடர்பவர்கள் குழுவாக மாறுவது பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதற்கு ஒரே அளவுகோல்தான்: ஒரு கேள்விக்கு நான் அல்லாத ஒருவர் சரியான பதில் சொல்லும் நாள் எப்போது வருகிறது என்பது. உறுப்பினர் எண்ணிக்கை அதைக் காட்டாது. குழுவில் கேள்வி கேட்பவர் படம், ஊர், விதைத்த மாதம், பையின் அளவு ஆகிய நான்கையும் தர வேண்டும் என்று வைத்ததும் இதற்காகவே. அவை இல்லாதபோது பதில் சொல்ல வருபவர்கள் ஊகிக்க வேண்டியிருக்கிறது, ஊகம் தப்பினால் அடுத்த முறை வாய் திறப்பதில்லை. ஒழுங்கு என்ற பெயரில் சிலர் கோபித்துக்கொண்டு போனதும் உண்டு. போகட்டும்.

இடறிய இடத்தையும் சொல்ல வேண்டும். உறுப்பினர்களின் வற்புறுத்தலால் விதைப் பகிர்வு தொடங்கினோம். தபால் உறையில் நான்கைந்து விதைகள், முளைத்ததும் படம் போட வேண்டும் என்பதே விலை. அடுத்த பட்டத்தில் குடுவைச் சுரை விதை வாங்கிய பலருக்கு நீளமும் இல்லாத உருண்டையும் இல்லாத ஏதோ ஒன்று காய்த்தது. விதை கொடுத்தவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டை மூண்டது. அவர் ஏமாற்றவில்லை, அவர் மாடியில் நீளச் சுரையும் இருந்தது, இரண்டும் கலந்துவிட்டன. அப்போது அந்த ஆசிரியை, விதைக்கு விடும் கொடியில் அன்று மாலை மலரப்போகும் ஆண், பெண் மொட்டுகள் இரண்டையும் மதியமே நூலால் கட்டிவைத்து, மாலையில் அவிழ்த்துத் தடவி, பெண் பூவை மறுபடியும் கட்டி, காம்பில் வண்ண நூல் முடிய வேண்டும் என்று விளக்கினார். அடுத்த நாள், "பூ மலர்ந்த மறுநாள் காலையில் ஏன் கட்டக் கூடாது?" என்று புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்க, விதையால் திட்டு வாங்கிய அதே மனிதர்தான் முந்திக்கொண்டு பதில் எழுதியிருந்தார். அட்டவணையில் அந்தக் கேள்வியை மட்டும் சேர்த்தேன். பதில் எழுத எனக்கு வேலை இருக்கவில்லை.